பில்லில் வேறு நிறுவனத்தின் பெயர் வந்துவிட்டதா? திருத்திய ஜிஎஸ்டி பில் வாங்குவது எப்படி

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் நானும் தம்பியும் கூட்டாக ஒரு எண்ணெய்ச் செக்கு நடத்துகிறோம். 2025 ஜூன் 6 அன்று கோயம்புத்தூர் கடை ஒன்றில் மோட்டார் வாங்கினோம். விலை 1,40,000 ரூபாய், 18 சதவீத ஐஜிஎஸ்டி 25,200 ரூபாய், மொத்தம் 1,65,200. வேலந்தாவளம் வழியாக அன்று சாயங்காலமே சரக்கு வந்துவிட்டது. பில்லைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டேன். அதில் இருந்தது எங்கள் கூட்டு நிறுவனத்தின் பெயர் இல்லை, அப்பாவின் மளிகைக் கடையின் பெயர். அப்பா அந்தக் கடையில் பல வருடம் வாங்கியவர். கணினியில் எங்கள் போன் எண்ணைத் தட்டியதும் அவர் பெயர் வந்திருக்கிறது, அதையே அச்சடித்துவிட்டார்கள்.

அதைச் சரிசெய்து 25,200 ரூபாய் எங்கள் கணக்குக்கு வர செப்டம்பர் ஆகிவிட்டது. உண்மையில் இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை. எந்த நாளில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லாததால்தான் இவ்வளவு இழுத்தது. பாலக்காட்டுப் பக்கம் புதிதாகக் கடை, மில், பட்டறை ஆரம்பித்து, சரக்கைத் தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பெயரை விடுங்கள், முதலில் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள்

பில்லில் பெயர் தப்பாக இருந்தால் மனசு பெயரிலேயே நிற்கும். ஆனால் ஜிஎஸ்டி தளத்துக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். கடைக்காரர் எந்த எண்ணைப் பதிகிறாரோ அந்த எண்ணின் கணக்குக்குத்தான் வரி போகும். அதனால் உங்கள் பதிவுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பில்லில் வாங்குபவர் பகுதியில் இருக்கும் 15 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.

அந்த எண்ணுக்குள்ளேயே நிறைய செய்தி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கேரளா 32, தமிழ்நாடு 33, ஆந்திரா 37. அடுத்த பத்து எழுத்து பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்தைக் கவனியுங்கள். தனிநபர் கடை என்றால் அது P, கூட்டு நிறுவனம் என்றால் F, கம்பெனி என்றால் C. எங்கள் எண்ணில் ஆறாவது எழுத்து F. பில்லில் இருந்ததோ P. சரக்கு இறங்கிய அன்றே இந்த ஓர் எழுத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும்.

பில்லில் இருக்கும் எண் யாருடையது என்று தெரியவில்லையா? `services.gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்பதில் எண்ணைப் போட்டால் உரியவர் பெயர் வரும். உள்நுழையத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. அங்கே `Legal Name of Business`, `Trade Name` என்று இரண்டு பெயர் இருக்கும். தனிநபர் கடைக்கு முதலாவது உரிமையாளரின் சொந்தப் பெயர், இரண்டாவது கடைப் பெயர். பில்லில் கடைப் பெயருக்குப் பதில் உங்கள் சொந்தப் பெயர் வந்து, எண்ணும் உங்களுடையதாகவே இருந்தால் அது தவறே இல்லை. இதற்காக ஓடி அலைந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

2. உங்கள் தவறு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

முதல் வகை: எண் சரி, பெயர் மட்டும் தப்பு. இதற்குப் பயப்பட வேண்டாம். வரி உங்கள் கணக்குக்கே வந்துவிடும். ஜிஎஸ்டி விதி 36(2)-ன் படி, பில்லில் சில விவரம் குறைந்தாலும் வரித் தொகை, சரக்கு விவரம், மொத்த மதிப்பு, விற்பவர் வாங்குபவர் இருவரின் எண்கள், வெளிமாநில விற்பனை என்றால் சரக்கு சேரும் மாநிலம் ஆகியவை இருந்தால் இன்புட் வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பெயரைத் திருத்தி ஒரு பிரதி வாங்கி வையுங்கள். வாரண்டிக்கோ வங்கிக் கடனுக்கோ அந்தப் பில்லைக் கொடுக்கும்போது எண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள்.

சரக்கு வழியில் இருக்கும்போதே இந்தத் தவறு தெரிந்தால் என்ன ஆகும் என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடி 2017-ல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. ஆனால் பறக்கும் படை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய சுற்றறிக்கை, எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை மட்டும் இருந்தால் வண்டியைப் பிடித்து வைக்கும் நடவடிக்கை கூடாது என்கிறது. அபராதம் வெளிமாநிலச் சரக்குக்கு 1,000 ரூபாய். அதில் சொல்லியிருப்பது எழுத்துப்பிழைதான். முழுக்க வேறு பெயர் இருந்தால் இந்தச் சலுகையை நம்பி வண்டியை அனுப்பாதீர்கள்.

இரண்டாவது வகை: பெயரும் எண்ணும் வேறொருவருடையது. எனக்கு நடந்தது இதுதான், இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான். அச்சிட்ட தாளை மாற்றினால் போதாது, கடைக்காரர் தளத்தில் பதிந்ததையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வகை எல்லைக்காரர்களுக்கென்றே வருவது: தவறாக வந்த எண் 33-ல் ஆரம்பிக்கும் தமிழ்நாட்டு எண். பொள்ளாச்சியில் உறவினருக்கு அதே மாதிரி பெயரில் கடை இருந்தால் இது சுலபமாக நடக்கும். அப்போது பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிக்குப் பதிலாக, உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி இருக்கும். அதைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று தேதியைப் பாருங்கள்

கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தேதிதான் முடிவு செய்கிறது.

பில் போட்டு 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடைகள் அரசுத் தளத்தில் பதிந்து இ-இன்வாய்ஸ் போடுகின்றன. பில்லில் சதுரமான க்யூஆர் குறியும் 64 எழுத்து கொண்ட ஒரு நீண்ட எண்ணும் இருந்தால் அது இ-இன்வாய்ஸ். அதை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும். அந்தப் பில்லுக்கு, சரக்கு வண்டியோடு போகும் இ-வே பில் போட்டிருந்தால் அதை முதலில் ரத்து செய்ய வேண்டும், அதற்கும் 24 மணி நேரம்தான். வழியில் அதிகாரி அதைச் சோதித்துப் பதிந்துவிட்டால் இ-வே பில்லை ரத்து செய்ய முடியாது. ரத்து செய்த பில் எண்ணைத் திரும்ப உபயோகிக்க முடியாது என்பதால் புது எண்ணில் புது பில் வரும். சரக்கு இன்னும் கடையை விட்டுக் கிளம்பவில்லை என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

24 மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் அடுத்த மாதம் 11-ம் தேதி வரவில்லை. இ-இன்வாய்ஸ் போடாத சிறிய கடை என்றால் இது நல்ல நேரம். கடைக்காரர் ஒரு மாத விற்பனையை அடுத்த மாதம் 11-க்குள் GSTR-1-ல் தாக்கல் செய்கிறார். அதற்கு முன்னால் சொன்னால் அந்தப் பதிவிலேயே எண்ணை மாற்றிவிடலாம். எந்தத் திருத்தமும் தேவைப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு கடையாக இருந்தால் கடைசி நாள் 13. எந்த முறையில் தாக்கல் செய்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாக்கல் முடிந்துவிட்டால், அடுத்த மாத GSTR-1-ல் `9A` என்ற அட்டவணையில் திருத்த வேண்டும். இப்போது GSTR-1A என்று அதே மாதத்திலேயே திருத்தும் வசதி வந்திருக்கிறது, அதில் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வாங்குபவரின் எண்ணை அதில் மாற்ற முடியாது. தொகை மாதிரி விஷயங்களுக்கு அது உதவும், நம் பிரச்சினைக்கு உதவாது.

கடைசிக் கதவு, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. ஆண்டுக் கணக்கு அதற்கு முன்பே தாக்கல் ஆகிவிட்டால் அந்த நாள். 2025 ஜூனில் வந்த எங்கள் பில்லுக்கு இது 2026 நவம்பர் 30. அதற்குப் பிறகு கடைக்காரர் மனசு வைத்தாலும் திருத்த முடியாது, நீங்களும் இன்புட் எடுக்க முடியாது.

எனக்கு எப்போது தெரிந்தது? ஜூலை 15 அன்று. நம் எண்ணில் பதிவான பில்களைக் காட்டும், 14-ம் தேதி வரும் GSTR-2B அறிக்கையில் மோட்டார் பில் இல்லை என்று பாலக்காட்டில் எங்கள் கணக்கைப் பார்க்கும் அக்கா போன் செய்தார். “பில் அப்பா கடை எண்ணுக்குப் போயிருக்கு தம்பி. இந்த மாசம் இன்புட் எடுக்க முடியாது” என்றார். நான்கு நாள் முன்னால் தெரிந்திருந்தால் சாதாரணப் பதிவு மாற்றத்தோடு முடிந்திருக்கும். அந்த மாத வரியை 20-ம் தேதிக்குள் கையிலிருந்து கட்டினோம். அறிக்கையில் இல்லாத இன்புட்டை நம்பிக்கையில் எடுத்துவிடாதீர்கள். எடுத்துப் பயன்படுத்திவிட்டால் பிறகு 18 சதவீத வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டி வரும்.

4. எழுத்தில் கேளுங்கள், சரியான வார்த்தையில் கேளுங்கள்

போனில் பேசலாம், ஆனால் அதே நாளில் மின்னஞ்சலோ வாட்ஸப் கடிதமோ போய்ச் சேர வேண்டும். கடை முதலாளி சரி என்பார், கணினியில் உட்காருபவர் வேறு ஆள், வரி தாக்கல் செய்பவர் மூன்றாவது ஆள். உங்கள் வார்த்தை மூன்று கை மாறிப் போகும்போது எண் மாறிவிடும்.

இணைக்க வேண்டியவை மூன்றுதான். தவறான பில்லின் தெளிவான படம், உங்கள் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழின் முதல் பக்கம், உங்கள் நிறுவனத்திலிருந்து பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு வரி. பணம் உண்மையில் யார் கணக்கிலிருந்து போனது என்பது முக்கியம். அப்பா கணக்கிலிருந்து பணம் போய், பில் மட்டும் உங்களுக்கு வேண்டும் என்றால் கடைக்காரர் தயங்குவார். அது நியாயமும்கூட. அப்படி இருந்தால் முதலில் உங்களுக்குள் கணக்கைச் சரிசெய்து, அதற்கான தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாள், நோட்டரி எதையும் சட்டம் கேட்கவில்லை. நிறுவனத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போதும். தளத்தில் திருத்துவதற்கும் அரசுக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு ஆன செலவு இரண்டு முறை கோயம்புத்தூர் போய்வந்த பெட்ரோல்தான்.

நான் முதலில் “ரிவைஸ்டு இன்வாய்ஸ் வேண்டும்” என்று எழுதினேன். அது தப்பு. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது: ஒரு கடைக்குப் பதிவு எண் கைக்கு வருவதற்கு முன், பதிவு செல்லுபடியாகத் தொடங்கிய நாளிலிருந்து போட்ட பில்களுக்குப் பதிலாகப் பிறகு கொடுப்பது அது. கடைக்காரரின் கணக்கர் “அது எங்களுக்குப் பொருந்தாதுங்க” என்று ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். நீங்கள் கேட்க வேண்டியது, வாங்குபவரின் பெயரையும் எண்ணையும் பில்லிலும் GSTR-1-லும் திருத்துவது. இரண்டாவது முறை நான் அனுப்பிய கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

> பொருள்: பில் எண் ____, தேதி ____: வாங்குபவர் பெயர், ஜிஎஸ்டி எண் திருத்தம்
>
> ஐயா, மேற்படி பில்லில் குறித்த சரக்கை வாங்கியதும் பணம் செலுத்தியதும் எங்கள் நிறுவனம். பில்லில் தவறுதலாக ____ என்ற பெயரும் ____ என்ற எண்ணும் அச்சாகியுள்ளன. சரியான பெயர்: ____. சரியான எண்: ____. விலை, வரி, சரக்கு விவரத்தில் மாற்றம் இல்லை.
>
> அன்புகூர்ந்து, (1) திருத்திய பில்லின் பிரதி ஒன்று தரவும். (2) ____ மாத GSTR-1-ல் 9A அட்டவணையில் எண்ணைத் திருத்தவும். (3) திருத்திய பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பவும்.

கோயம்புத்தூர்க் கடைக்குத் தமிழில் எழுதினால் போதும், அவர்களே படித்துக் கணக்கருக்குக் கொடுப்பார்கள். பெயரையும் எண்ணையும் மட்டும் சான்றிதழில் இருக்கிற மாதிரி ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள். கொழிஞ்சாம்பாறையை ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர் தவறான பெயரைப் பேனாவால் அடித்து, மேலே உங்கள் பெயரை எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவர் கையில் இருக்கும் பிரதியும் தளத்தில் இருக்கும் பதிவும் அப்படியே பழைய எண்ணில்தான் இருக்கும்.

5. தாள் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்

நான் அதிகம் இழந்தது இங்கேதான். ஜூலை கடைசியில் எங்களுக்குத் திருத்திய பில் வந்துவிட்டது. அதே எண், அதே தேதி, எங்கள் பெயர், எங்கள் எண், மேலே ‘திருத்தப்பட்டது’ என்ற முத்திரை. மோட்டாருக்கு வாரண்டியும் எங்கள் பெயரில் மாறியது. எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். ஆகஸ்ட் 14 அறிக்கையில் பில் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். “பில் மாத்திக் கொடுத்துட்டமுங்களே” என்றார் கணக்கர். அவர் தன் கணினியில் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார். வரி தாக்கல் செய்யும் ஆடிட்டருக்கு அதைச் சொல்லவே இல்லை. ஜூன் பில் ஜூன் மாதத்தில் போய்விட்டதால், ஜூலை விவரத்தை எடுக்கும்போது அது கணக்கில் வரவும் இல்லை. இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான், 14-ம் தேதி வரை காத்திருக்காமலே பார்க்க முடியும் என்று அக்கா காட்டினார். உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் நுழைந்து `Services > Returns > Invoice Management System (IMS) Dashboard` போங்கள். கடைக்காரர் தன் GSTR-1-ல் பதிவைச் சேமித்தாலே, இன்னும் தாக்கல் செய்யாவிட்டாலும், அது அங்கே தெரியும். திருத்தம் என்பதால் திருத்தப்பட்ட பில்களுக்கான பகுதியில் தேட வேண்டும். செப்டம்பர் 8 அன்று எங்கள் பில் அங்கே வந்திருந்தது. எண், தேதி, 25,200 ரூபாய் மூன்றையும் ஒத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். 14-ம் தேதி அறிக்கையில் வந்தது, 20-க்குள் ஆகஸ்ட் மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

எனவே ஒவ்வொரு மாதமும் 8-ம் தேதியிலிருந்து 10-ம் தேதிக்குள் ஒருமுறை பாருங்கள். பதிவு வரவில்லை என்றால் கடைக்காரருக்கு இன்னும் ஒரு நாளாவது இருக்கும். அவர் தாக்கல் செய்த பிறகு சொல்வதற்கும் முதல் நாள் சொல்வதற்கும் ஒரு மாதம் வித்தியாசம்.

இன்னொரு பக்கத்தையும் மறக்காதீர்கள். தவறான எண்ணுக்கு உரியவர் என்ன செய்தார்? அப்பாவின் கடைக் கணக்கில் அந்த 25,200 ரூபாய் ஜூலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே தளம் எடுத்துக்கொள்ளும். நாங்கள் நல்ல நேரத்தில் பேசியதால், அப்பாவின் கணக்கர் அந்த இன்புட்டை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் தன் மாதக் கணக்கில் அதைத் திருப்பியாக வேண்டும். எனவே தவறான எண் தெரிந்தவருடையது என்றால் அன்றே சொல்லிவிடுங்கள்: அந்தப் பில்லை அவருடைய பக்கத்தில் நிராகரிக்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் நிராகரித்துவிட்டால் பில் தானாக உங்களிடம் வந்துவிடாது. கடைக்காரர் திருத்தியே ஆக வேண்டும்.

6. இரண்டு கடினமான நிலைமைகள்

இ-இன்வாய்ஸ் போட்ட கடை, 24 மணி நேரமும் தாண்டிவிட்டது. க்யூஆர் குறிக்குள் பழைய எண்ணே பதிந்திருப்பதால், அதன் மேல் வேறு பெயர் அச்சிட்டு ஒரு தாள் கொடுத்தால் அது செல்லாது. GSTR-1-ல் திருத்தலாம் என்று அரசின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆனால் பல கடைகள் வேறு வழியில் போகின்றன: தவறான பெயருக்குப் போட்ட பில்லின் முழுத் தொகையையும் கழிக்கும் கிரெடிட் நோட் போட்டுவிட்டு, சரியான பெயருக்குப் புது எண்ணில் புது இ-இன்வாய்ஸ் போடுகிறார்கள். உங்கள் கையில் சுத்தமான தாள் கிடைப்பது இந்த வழியில்தான். கிரெடிட் நோட்டை அந்த மூன்றாமவர் தன் பக்கத்தில் ஏற்றுக்கொண்டு, இன்புட் எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். அப்போதுதான் கடைக்காரரின் வரி குறையும். அவர் முகம் தெரியாத ஆள் என்றால் கடைக்காரர் தயங்குவது இதனால்தான். புது பில்லின் தேதி பின்னால் இருக்கும் என்பதால், சரக்கு முதலில் வந்த தேதியையும் பழைய பில் எண்ணையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்து இறங்கிய சரக்குக்குப் புதிதாக இ-வே பில் போட விடாதீர்கள். போட்டால் இரண்டாவது மோட்டார் ஒன்று எல்லை தாண்டிய மாதிரி பதிவாகிவிடும்.

மற்றது, தமிழ்நாட்டு எண்ணில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்ட பில். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியைக் கேரளத்தில் இன்புட்டாக எடுக்க முடியாது. எண்ணை மட்டும் 32-க்கு மாற்றி, வரியை அப்படியே விட்டுத் தந்தால் அந்தப் பில்லால் உங்களுக்குப் பயன் இல்லை. வரி ஐஜிஎஸ்டியாக மாற வேண்டும். கடைக்காரர் சரியான வரியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதற்கு வட்டியும் கிடையாது. ஆனாலும் கொஞ்ச காலம் இரண்டு வரியும் அவர் கையிலிருந்து போகும். அதனால் இந்த வகைத் தவறில் கடைக்காரர்கள் ரொம்பவே முரண்டு பிடிப்பார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள். “நீங்களே வந்து வண்டியில ஏத்திட்டுப் போறீங்க, அதனால உள்ளூர் வரிதான்” என்று கவுண்டரில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்கை விற்பவர் அனுப்பினாலும் வாங்குபவர் எடுத்துப் போனாலும், அது எந்த மாநிலத்தில் போய்ச் சேருகிறது என்பதை வைத்தே வரி என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. நம் சரக்கு கோபாலபுரம் எல்லை தாண்டி வருகிறது என்றால் ஐஜிஎஸ்டிதான்.

7. பணத்தை நிறுத்தி வைப்பதாக இருந்தால்

நாங்கள் முழுப் பணமும் முன்பே கட்டிவிட்டோம், அதனால் எங்களிடம் பிடி எதுவும் இல்லை. கடனுக்கு வாங்கியிருந்தால், சரக்கின் விலையைக் கொடுத்துவிட்டு வரித் தொகையை மட்டும் பில் திருந்தும்வரை நிறுத்தி வைப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம். எங்களுக்கு அது 25,200 ரூபாயாக இருந்திருக்கும். கோபப்படாமல், கடிதத்திலேயே காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள். ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் முழுவதும் போயாக வேண்டும். போகாவிட்டால் எடுத்த இன்புட்டில் அந்தப் பங்கைத் திருப்ப வேண்டும்.

8. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

பழைய பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். திருத்திய பில்லுக்குப் பின்னால் அதைக் கோத்து வையுங்கள். அதோடு உங்கள் கடிதம், கடைக்காரரின் பதில், 9A ஸ்கிரீன்ஷாட், சரக்கு வந்தபோது இருந்த இ-வே பில், பணம் போன வங்கி வரி. இ-வே பில்லில் இப்போதும் அப்பாவின் எண்தான் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. நாளைக்கு அதிகாரி கேட்டால் பதில் சொல்வது இந்தக் கட்டுதான். ஆறு வருடத்துக்குக் கணக்குத் தாள்களை வைத்திருக்க வேண்டும், அந்த ஆறு வருடமும் ஆண்டுக் கணக்குக்கான கடைசி நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், அதே கடைக்கு மறுபடி போகும்போது அவர்கள் கணினியில் உங்கள் நிறுவனத்துக்குத் தனிக் கணக்கு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். போன வாரம் பெல்ட் வாங்கப் போனபோது எங்கள் எண்ணைத் தட்டியதும் இன்னும் அப்பாவின் கடைதான் முதலில் வந்தது. தம்பியின் போன் எண்ணைக் கொடுத்து, எங்கள் நிறுவனத்தின் பெயரில் புதிதாகத் திறக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.